ஏற்காடு பேருந்து டிக்கெட்டுகளை அடுக்குவது எப்படி? குவிக்சார்ட், மெர்ஜ் சார்ட் ஓர் எளிய விளக்கம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில் நடத்துநர் ஒரு டிக்கெட்டைக் கொடுக்கும்போதே, அவர் கையில் இருக்கும் கருவி ஒரு பதிவையும் தனக்குள் எழுதிக்கொள்கிறது: கருவியின் எண், நேரம், ஏறிய நிறுத்தம், இறங்கும் நிறுத்தம், கட்டணம். அப்படிச் சேர்ந்த 10 லட்சம் பதிவுகள் நம்மிடம் நேர வரிசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மே மாதக் கோடை விழாவுக்குக் கூடுதல் பேருந்து விடுவதற்காக, எந்த நிறுத்தத்தில் எந்த நேரத்தில் கூட்டம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எனவே பதிவுகளை நிறுத்தவாரியாக அடுக்க வேண்டும். அஸ்தம்பட்டி டிக்கெட்டுகள் எல்லாம் ஓரிடத்தில், கோரிமேடு டிக்கெட்டுகள் எல்லாம் ஓரிடத்தில், அடிவாரம் தனியே. ஒவ்வொரு நிறுத்தத்துக்குள்ளும் நேர வரிசை கலையாமல் இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குக் கல்லூரிப் பாடம் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று குவிக்சார்ட். மற்றொன்று மெர்ஜ் சார்ட். இரண்டுமே பெரிய அணியை, அதாவது வரிசையாக வைத்த பதிவுகளின் பட்டியலை, சிறு துண்டுகளாக்கி வேலை செய்பவை. சராசரியாக இரண்டுக்கும் `O(n log n)` நேரம் ஆகும்: `n` உறுப்புகள் என்றால், வேலை ஏறத்தாழ `n`-ஐ அதன் மடக்கையான `log n`-ஆல் பெருக்கிய அளவில் வளரும். அப்படியானால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இந்த டிக்கெட் பதிவுகளைப் பொறுத்தவரை அது ஒன்றல்ல. குவிக்சார்ட்டைப் பாடத்தில் உள்ளபடியே எழுதி ஓட்டினால், அது தடுமாறும் மூன்று இடங்களும் இந்தத் தரவில் ஒருசேர வந்து நிற்கும்.

முதலில் குவிக்சார்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். டோனி ஹோர் 1959-இல் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது, ரஷ்ய வாக்கியத்தின் சொற்களை அகராதியில் தேடுவதற்கு வசதியாக அகர வரிசையில் அடுக்க வழி தேடினார். அப்போது பிறந்ததுதான் இந்த முறை. அணியிலிருந்து ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். அதற்குப் பிவட் என்று பெயர். பிவட்டைவிடச் சிறியவற்றை இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் ஒதுக்குகிறோம். நடுவில் பிவட் வந்து அமர்ந்துவிடும். அதன் இறுதி இடம் அதுதான், இனி அதைத் தொட வேண்டியதில்லை. பிறகு இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இதையே தனித்தனியாகச் செய்கிறோம். பாடங்களில் பெரும்பாலும் கடைசி உறுப்பே பிவட்டாக இருக்கும்:

```python
def partition(a, lo, hi):
    pivot = a[hi]
    i = lo
    for j in range(lo, hi):
        if a[j] < pivot:
            a[i], a[j] = a[j], a[i]
            i += 1
    a[i], a[hi] = a[hi], a[i]
    return i
```

ஏழு எண்களை வைத்துக் கையால் ஓட்டிப் பார்க்கலாம்: 42, 17, 58, 23, 61, 20, 35. பிவட் 35. `i` என்பது "அடுத்த சிறிய எண் வந்து உட்கார வேண்டிய இடம்". 42 பெரியது, விட்டுவிடுகிறோம். 17 சிறியது, முதல் இடத்துக்குப் போகிறது. அங்கிருந்த 42 இரண்டாம் இடத்துக்கு வருகிறது. 58 பெரியது. 23 சிறியது, இரண்டாம் இடத்துக்கு வருகிறது. 61 பெரியது. 20 சிறியது, மூன்றாம் இடத்துக்கு வருகிறது. கடைசியாக 35 நான்காம் இடத்தில் அமர்கிறது. இப்போது அணி 17, 23, 20, 35, 61, 58, 42. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஆறு ஒப்பீடுகளில் வேலை சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. மீதியையும் முடிக்க மொத்தம் 11 ஒப்பீடுகள் போதும்.

இனி அதே ஏழு எண்களை ஏற்கெனவே அடுக்கிய நிலையில் கொடுங்கள்: 17, 20, 23, 35, 42, 58, 61. பிவட் 61. மற்ற ஆறும் அதைவிடச் சிறியவை. எனவே ஆறும் இடப்பக்கம் போகின்றன, வலப்பக்கம் காலி. ஆறு ஒப்பீடுகள் செய்து ஒரே ஓர் எண்ணைத்தான் இடத்தில் வைத்திருக்கிறோம். அடுத்து 58 பிவட், ஐந்து ஒப்பீடுகள், மறுபடியும் ஓர் எண். 6+5+4+3+2+1 என்று மொத்தம் 21. பாதிப் பாதியாக வெட்ட வேண்டிய கத்தி ஓரத்தை மட்டும் சீவிக்கொண்டிருக்கிறது.

ஏழு எண்களில் 11-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 10 லட்சத்தில் தெரியும். `n` உறுப்புகளுக்கு இந்த மோசமான நிலையில் ஆகும் ஒப்பீடுகள் `n(n-1)/2`. பத்து லட்சத்துக்கு அது ஏறத்தாழ 50,000 கோடி. நன்றாகக் கலைந்த தரவில் அதே குவிக்சார்ட் சராசரியாகச் சுமார் 2.5 கோடி ஒப்பீடுகளில் முடித்துவிடும். நொடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடுகள் செய்யும் கணினி என்று வைத்துக்கொண்டால், கலைந்த தரவுக்குக் கால் நொடி; அடுக்கிய தரவுக்கு 5,000 நொடி, அதாவது 83 நிமிடம். அந்த நேரத்தில் பேருந்து சேலத்திலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏற்காடு ஏரிக்கரைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே அடுக்கிய தரவை யார் மறுபடியும் அடுக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நடைமுறையில் இது அன்றாடம் நடப்பது. டிக்கெட் பதிவுகள் பிறக்கும்போதே நேர வரிசையில்தான் பிறக்கின்றன. மலையில் சிக்னல் கிடைக்காமல் தாமதமாக வந்து சேர்ந்த சில நூறு பதிவுகள் மட்டும் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சரியான இடத்தில் சேர்க்க முழுக் கோப்பையும் மறுபடி அடுக்குவோம். அந்தச் சில நூறு பதிவுகள் பிவட்டாகி முடிந்த பிறகு எஞ்சுவது நீளமான அடுக்கிய துண்டுகள்தான். "கிட்டத்தட்ட அடுக்கிய" தரவும் எனவே இதே குழியில்தான் விழும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பைத்தானில் எழுதியிருந்தால் நேரம் நீளும் முன்பே நிரல் விழுந்துவிடும். ஒவ்வொரு சீவலுக்கும் நிரல் தன்னைத்தானே ஒருமுறை அழைப்பதால், ஆழம் பைத்தானின் இயல்பு வரம்பான 1000-ஐத் தாண்டி, `RecursionError: maximum recursion depth exceeded` என்று திரையில் வரும். சி மொழியில் பெரும்பாலும் `Segmentation fault`. வரம்பை உயர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதுதான். ஆழம் இத்தனை போயிருக்கவே கூடாது. பிழை எதுவும் வராமல் மெதுவாக மட்டும் ஓடினால், தரவை இரட்டிப்பாக்கி நேரத்தை அளந்து பாருங்கள். நேரம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டினால் நீங்கள் `n log n` பாதையில் இருக்கிறீர்கள். நான்கு மடங்கானால் `n²`-இல் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிவட்டைக் கடைசியிலிருந்து எடுக்காமல், குருட்டாம்போக்கில் எங்கிருந்தாவது எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். `import random` சேர்த்துவிட்டு, `partition`-இல் `pivot = a[hi]` வரிக்கு முன்னால் இரண்டே வரி:

```python
k = random.randint(lo, hi)
a[k], a[hi] = a[hi], a[k]
```

இப்போதும் மோசமான நிலை கணக்குப்படி `O(n²)`தான். ஆனால் அது தரவைப் பொறுத்ததல்ல, குலுக்கலைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் ஓரத்து எண்ணே குலுக்கலில் விழுந்தால்தான் அது நடக்கும். பத்து லட்சம் உறுப்புகளில் அதற்கான வாய்ப்பு, கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது.

பெரும்பாலான விளக்கங்கள் இதோடு நின்றுவிடும். நம் வேலை இன்னும் முடியவில்லை. நாம் அடுக்கப்போவது நேரத்தை வைத்தல்ல, நிறுத்தத்தை வைத்து. வழியில் பத்து நிறுத்தங்கள் என்று கொண்டால், பத்து லட்சம் டிக்கெட்டுகளில் வெவ்வேறான மதிப்புகள் பத்துதான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு லட்சம் டிக்கெட்டுகள். மேலே உள்ள நிரலில் `a[j] < pivot` என்ற வரியை மறுபடி பாருங்கள். பிவட்டுக்குச் சமமானவை எல்லாம் வலப்பக்கமே போகின்றன. சில பிரிப்புகளுக்குப் பிறகு கோரிமேடு டிக்கெட்டுகள் ஒரு லட்சம் மட்டும் தனித் துண்டாக வந்து நிற்கும். அதில் எந்த டிக்கெட்டைக் குலுக்கி எடுத்தாலும் அதுவும் கோரிமேடுதான். எதுவும் அதைவிடச் சிறியதில்லை. இடப்பக்கம் காலி, வலப்பக்கம் 99,999. மறுபடியும் சீவல். ஒரு நிறுத்தத்துக்கு 500 கோடி ஒப்பீடுகள், பத்து நிறுத்தத்துக்கு 5,000 கோடி. குலுக்கல் இங்கே ஒரு துளியும் உதவாது. கலைந்த தரவில் சோதித்துப் பார்த்து மகிழ்ந்த நிரல், உண்மையான தரவில் எட்டு நிமிடத்துக்கு மேல் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

தீர்வு, துண்டை மூன்றாகப் பிரிப்பது: சிறியவை, சமமானவை, பெரியவை. சமமானவை நடுவில் அப்படியே நின்றுவிடும், அவற்றை இனித் தொடுவதில்லை. பத்தே மதிப்புகள் உள்ள தரவுக்கு இது மிக வேகமாக ஓடும். திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் உள்ள எந்தத் தரவுக்கும் மூன்றாகப் பிரிக்காத குவிக்சார்ட்டை நான் நம்ப மாட்டேன்.

இனி மெர்ஜ் சார்ட். 1945-இல் ஜான் வான் நியூமன் வகுத்த முறை இது. இங்கே பிவட் கிடையாது. அணியைக் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் வெட்டுகிறோம். இரு பாதிகளையும் இதே முறையில் அடுக்குகிறோம். அடுக்கிய இரண்டையும் ஒன்றாக இணைக்கிறோம். வேலை முழுவதும் இணைப்பதில் இருக்கிறது:

```python
def merge(left, right):
    out = []
    i = j = 0
    while i < len(left) and j < len(right):
        if left[i] <= right[j]:
            out.append(left[i]); i += 1
        else:
            out.append(right[j]); j += 1
    return out + left[i:] + right[j:]
```

17, 23, 42 ஒரு பாதி. 20, 35, 58, 61 மறுபாதி. இரண்டின் தலைப்பிலும் நிற்பவற்றை ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கிறோம். 17-ம் 20-ம்: 17. பிறகு 23-ம் 20-ம்: 20. 23-ம் 35-ம்: 23. 42-ம் 35-ம்: 35. 42-ம் 58-ம்: 42. இடப்பாதி தீர்ந்துவிட்டது, 58, 61 ஒப்பீடே இல்லாமல் அப்படியே பின்னால் வருகின்றன. ஐந்து ஒப்பீடுகள்.

வெட்டும் இடம் தரவைப் பார்த்து முடிவாவதில்லை என்பதால், மெர்ஜ் சார்ட்டை எந்தத் தரவாலும் கெடுக்க முடியாது. அடுக்கியதோ, தலைகீழானதோ, எல்லாம் சமமானதோ, வெட்டு எப்போதும் நடுவில்தான். பத்து லட்சத்தை இருபது முறை பாதியாக்கினால் ஒன்றாகிவிடும். இருபது நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் அதிகபட்சம் பத்து லட்சம் ஒப்பீடுகள், மொத்தம் 2 கோடிக்குள். மோசமான நிலையிலும் `O(n log n)` என்று பாடத்தில் சொல்வதன் பொருள் இதுதான்.

இதற்கு விலை நினைவகம். மேலே உள்ள இணைப்பைத் தனி `out` இல்லாமல், அதே அணிக்குள்ளேயே செய்ய முயன்று பாருங்கள். 17 தன் இடத்திலேயே இருக்கிறது. அடுத்து 20 இரண்டாம் இடத்துக்கு வர வேண்டும். அங்கே 23 உட்கார்ந்திருக்கிறது. 20-ஐ எழுதினால் 23 அழிந்துவிடும். 23-ஐ எங்கேயாவது பத்திரப்படுத்தித்தான் ஆக வேண்டும். இந்த "எங்கேயாவது" தான் கூடுதல் அணி. ஒரு டிக்கெட் பதிவு 40 பைட் என்றால், பத்து லட்சத்துக்கு 40 மெகாபைட், கூடுதலாக இன்னொரு 40 மெகாபைட். இடப்பாதியை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டால் கூடுதல் பாதியாகக் குறையும். குவிக்சார்ட் எல்லாவற்றையும் அதே அணிக்குள் இடம் மாற்றியே முடிக்கிறது. பிரிப்பில் வரும் இரண்டு துண்டுகளில் சிறியதை மட்டும் தன்னைத்தானே அழைத்தும் பெரியதைச் சுழலிலும் முடித்தால், பத்து லட்சத்துக்கு அழைப்பு ஆழம் 20-ஐத் தாண்டாது.

40 மெகாபைட் இன்றைய மடிக்கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. பத்துக் கோடி டிக்கெட்டுகளாக ஆகும்போதுதான் கணக்கு இறுகும். தரவுக்கு 4 ஜிகாபைட், கூடுதலுக்கு 4 ஜிகாபைட். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் அது அடங்காது. நிரல் விழாது, ஆனால் இயங்குதளம் நினைவகத்தின் பகுதிகளை வட்டில் வைத்து எடுக்கத் தொடங்கும், வட்டு விளக்கு அணையாமல் எரியும், செயலி சும்மா கிடக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் பழுது ஒப்பீட்டில் இல்லை, இடத்தில் என்று தெரிந்துகொள்ளலாம். பதிவுகளையே நகர்த்தாமல், ஒவ்வொரு பதிவின் இடத்தைக் குறிக்கும் 4 பைட் எண்ணை மட்டும் அடுக்கினால் பத்துக் கோடிக்கும் 400 மெகாபைட், கூடுதலும் அதே அளவு. அதற்குள் வேலை முடிந்துவிடும்.

நினைவகத்துக்குள் அடங்கவே அடங்காத தரவு என்றால் மெர்ஜ் சார்ட்டே கைகொடுக்கும். அது தரவை முன்னிருந்து பின்னாக நேராகவே படிக்கிறது. அடங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக அடுக்கி வட்டில் எழுதிவிட்டு, எழுதிய துண்டுகளைத் தலைப்பிலிருந்து படித்து இணைத்தால் போதும். டிக்கெட் கருவிகளில் இது இன்னும் எளிது. ஒவ்வொரு கருவியின் கோப்பும் தானாகவே நேர வரிசையில் இருப்பதால், அவற்றை நேர வரிசையில் ஒன்றாக்க முதல் பாதி வேலையே தேவையில்லை, இணைப்பு மட்டும்தான்.

கடைசியாக நிலைத்தன்மை. சம மதிப்புள்ள இரண்டு பதிவுகள், அடுக்குவதற்கு முன்பு எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் அடுக்கிய பிறகும் இருந்தால், அந்த முறை நிலையானது. நம் வேலைக்கு இது அழகுக்கான சேர்க்கை அல்ல, வேலையின் பாதியே இதுதான். நேர வரிசையில் இருக்கும் தரவை நிறுத்தவாரியாக நிலையான முறையில் அடுக்கினால், நிறுத்தத்துக்குள் நேர வரிசை தானாகவே அமைந்துவிடும்.

முதலில் எழுதிய குவிக்சார்ட்டில் மூன்று டிக்கெட்டுகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் கோரிமேடு, நேரம் 6:05, 6:12, 6:20. நிறுத்தத்தை மட்டும் ஒப்பிடுகிறோம். பிவட் 6:20 டிக்கெட். மற்ற இரண்டும் அதைவிடச் சிறியவை அல்ல, சமம். கடைசி வரி முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் மாற்றுகிறது: 6:20, 6:12, 6:05. வலப்பக்கத்து இரண்டில் பிவட் 6:05, மறுபடியும் இடமாற்றம். முடிவு 6:20, 6:05, 6:12. நிறுத்தவாரி அடுக்கு சரி, நேரம் குலைந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்கு, காலைக் கூட்டம் எங்கே தொடங்கியது என்பது தவறாகப் போகும்.

மெர்ஜ் சார்ட்டில் இந்த நிலைத்தன்மை ஒரே ஒரு குறியில் நிற்கிறது. `left[i] <= right[j]`. சமமாக இருந்தால் இடப்பாதியிலிருந்து எடு என்கிறது `<=`. இடப்பாதியில் இருப்பவை முன்பு வந்தவை, எனவே முன்பு வந்தவை முன்பே போகின்றன. அந்தச் சமக்குறியை மறந்து `<` என்று எழுதினால் அடுக்கும் வேலை குறையின்றி நடக்கும், நிலைத்தன்மை மட்டும் ஓசையில்லாமல் போய்விடும். எண்களை வைத்து மட்டும் சோதித்தால் இதைப் பிடிக்கவே முடியாது. 35-க்கும் இன்னொரு 35-க்கும் வேறுபாடு தெரியாது.

இதே காரணத்தால்தான் ஜாவாவில் `Arrays.sort` வெறும் எண் அணிகளுக்குக் குவிக்சார்ட் வகையையும், பொருள்களுக்கு மெர்ஜ் சார்ட் வகையையும் வைத்திருக்கிறது. சி++ மொழியின் `std::sort` நிலைத்தன்மைக்கு உறுதி தருவதில்லை. அது வேண்டுமென்றால் `std::stable_sort`. பைத்தானின் `sort` 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட்டின் வழியில் வந்தது. அது மெர்ஜ் சார்ட்டின் பிள்ளை. ஏற்கெனவே அடுக்கியிருக்கும் துண்டுகளைத் தேடிப் பிடித்து அவற்றை அப்படியே இணைக்கும். முழுவதும் அடுக்கிய பத்து லட்சம் உறுப்புகளை அது பத்து லட்சத்துக்கும் ஒன்று குறைவான ஒப்பீடுகளில் முடித்துவிடும்.

குரோம் உலாவியின் பழைய கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2018 வரை அதன் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரம் 10 உறுப்புகள் வரையுள்ள அணிக்கு நிலையான ஒரு முறையையும், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குவிக்சார்ட்டையும் பயன்படுத்தியது. ஏழெட்டு வரிகளை வைத்துச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. பன்னிரண்டு வரிகள் உள்ள அட்டவணையில் வரிசை குலைந்தது. பின்னர் நிலைத்தன்மை மொழியின் விதியாகவே 2019-இல் சேர்க்கப்பட்டது.

குவிக்சார்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை இருந்தால், நிறுத்தத்தை மட்டும் ஒப்பிடாமல் நிறுத்தம், நேரம், கருவியின் எண் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒரே கருவி ஒரே நொடியில் இரண்டு டிக்கெட் தராது என்றால், எந்த இரண்டு பதிவுகளும் இனிச் சமமல்ல. நிலைத்தன்மை என்ற கேள்வியே எழாது. சம மதிப்புகளால் வந்த 5,000 கோடியும் காணாமல் போய்விடும். எஞ்சுவது அடுக்கிய தரவின் சிக்கல் ஒன்றுதான், அதற்குக் குலுக்கிய பிவட் போதும். ஒவ்வோர் ஒப்பீடும் சற்று நீளும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நினைவகம் இருந்தால் இந்த டிக்கெட்டுகளுக்கு நான் மெர்ஜ் சார்ட்டையே எடுப்பேன். நீங்கள் எதை எழுதினாலும், ஓட்டிப் பார்க்க நான்கு கோப்புகளைத் தயாரித்துக்கொள்ளுங்கள்: குலுக்கியது, அடுக்கியது, தலைகீழாக அடுக்கியது, எல்லா டிக்கெட்டும் கோரிமேடாக இருப்பது. ஒவ்வொன்றையும் ஒரு லட்சத்திலும் இரண்டு லட்சத்திலும் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பில் மட்டும் இரண்டு மடங்கும் மற்ற ஏதாவது ஒன்றில் நான்கு மடங்கும் வந்தால், பழுது பிவட்டிலா சம மதிப்பிலா என்பதை அந்தக் கோப்பின் பெயரே சொல்லிவிடும்.